ஐந்து இலட்சத்தை வீட்டுக்குக் கட்டுவதா, முதலிடுவதா?

சீட்டுக் காசும் இரண்டு வருடமாக ஒதுக்கி வைத்ததும் சேர்ந்து போன மாதம் எங்கள் கையில் ஐந்து இலட்சம் ரூபாய் இருந்தது. அதை வீட்டுக் கடனில் கட்டிவிடுவதா, எங்காவது முதலிடுவதா என்று நாங்கள் இரண்டு பேரும் பல இரவுகள் பேசினோம். "பவுண் வாங்கிப் போடுங்க மகன்" என்றார் உம்மா. இதே கேள்வி ஊரில் பல பேருக்கு இருப்பதால் நாங்கள் போட்ட கணக்கை இங்கே எழுதுகிறோம்.

எங்களுடையது குறைந்து செல்லும் முஷாரகா. வீடு வங்கிக்கும் எங்களுக்கும் பங்கு. வங்கியின் பங்குக்கு நாங்கள் வாடகை கொடுத்துக்கொண்டே மாதாமாதம் அதில் கொஞ்சத்தை வாங்குகிறோம். இன்னும் வாங்க வேண்டியது 30 இலட்சம், காலம் 15 வருடம், வாடகை வீதம் நூற்றுக்கு 12. மாதத் தவணை சுமார் 36,000 ரூபாய். இப்போதைக்கு அதில் 30,000 வாடகைக்கே போகிறது, 6,000 மட்டும்தான் எங்கள் பங்கில் சேர்கிறது.

ஐந்து இலட்சத்தை ஒரேயடியாகக் கட்டி, தவணையை மாற்றாமல் விட்டால், 180 தவணை 119 ஆகக் குறையும். மிச்சமாகும் 61 தவணையைக் கூட்டினால் கிட்டத்தட்ட 22 இலட்சம். இதைப் பார்த்ததும் எங்களுக்குத் தலை சுற்றியது. ஆனால் அந்த 22 இலட்சம் கைக்கு வருவது பத்து வருடத்துக்குப் பிறகு. இன்றைய காசையும் அன்றைய காசையும் ஒன்றாகக் கூட்டினால் கணக்கு பிழைக்கும். உண்மையில் முன்கூட்டிக் கட்டுவதால் வரும் இலாபம் வருடத்துக்கு நூற்றுக்கு 12, அவ்வளவுதான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வரி போக, நம்பக்கூடிய வகையில், 12க்கு மேல் தரும் ஹலாலான முதலீடு இருக்கிறதா? எங்களுக்குக் கிடைக்கக்கூடிய முழாரபா வைப்பின் இலாபத்தை நூற்றுக்கு 8 என்று வைத்துக்கொண்டோம். அதில் பத்திலொரு பங்கை வரியாகப் பிடித்துக்கொண்டால் கையில் 7.2. பவுண் ஏறலாம், இறங்கலாம். நகையாக வாங்கினால் விற்கும்போது செய்கூலியும் போய்விடும். இன்றைய நிலையில் கட்டுவதுதான் இலாபம்.

எல்லோருக்கும் இதே விடை வராது. 2022 கடைசியில் வங்கிகள் தங்கள் முதல்தர வாடிக்கையாளருக்குக் கொடுத்த கடனின் சராசரி வீதமே 27ஐத் தாண்டியது. அந்த நேரத்தில் பழைய, மாறாத, குறைந்த வீதத்தில் கடன் வைத்திருந்தவர் அவசரப்பட்டு அதைக் கட்ட வேண்டிய தேவையே இல்லை. வீதம் மாறும் ஒப்பந்தத்தில் இருந்தவருக்கோ தவணை எகிறியது. உங்கள் வீதம் எப்போது, எதை வைத்து மாறும் என்பதை முதலில் ஒப்பந்தத்தில் பாருங்கள்.

முழுவதையும் கட்டிவிட நாங்கள் கிளம்பியபோது எங்களை நிறுத்தியது 2025 நவம்பர். பஹல கடுகண்ணாவையில் மலை சரிந்து உயிர்கள் போயின, கொழும்பு - கண்டி வீதி மூடப்பட்டது. அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மேட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். வங்கிக்குக் கட்டிய காசு சுவருக்குள் போன காசு. அவசரத்துக்கு அதைத் திருப்பிக் கேட்க முடியாது. அடுத்த மாதத் தவணையையும் அதற்காக யாரும் விடமாட்டார்கள்.

கடைசியில் மூன்று இலட்சத்தைக் கட்டினோம். இரண்டு இலட்சத்தை, ஐந்து தவணைக்கும் சற்றுக் கூடுதலாக வருவதால், எப்போதும் எடுக்கக்கூடிய முழாரபா சேமிப்பில் வைத்தோம். அது வருடம் நிறைந்து நிஸாபை எட்டினால் ஸகாத் உண்டு. கடனைக் கழிப்பதில் கருத்து வேறுபாடு இருப்பதால் உங்கள் ஆலிமிடம் கேளுங்கள். 180 தவணை இப்போது 140.

கட்டப் போகிறவர்களுக்கு இன்னொன்று. எங்கள் உறவினர் ஒருவர் தன் வங்கியில் கூடுதலாகக் கட்டிய காசை, வரப்போகும் தவணைகளுக்கு முற்பணமாகப் போட்டு வைத்திருந்தார்கள். முதல் குறையவே இல்லை. அடுத்த மாதக் கூற்றில் மீதித் தொகையைப் பார்த்துத்தான் அவருக்கே தெரிந்தது. ஆகவே "இது முதலில் கழிக்க, தவணை மாறாமல் காலத்தைக் குறைக்க" என்று கடிதத்தில் எழுதிக் கொடுங்கள். முன்கூட்டிக் கட்ட அபராதம் உண்டா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். அது நூற்றுக்கு 3 என்றால் மூன்று இலட்சத்துக்கு 9,000. எங்களுக்கு முதல் வருடம் மிச்சமாவது 36,000. வைப்பில் போட்டிருந்தால் வந்திருப்பது 21,600. இடையிலுள்ள 14,400ஐ விட அபராதம் குறைவுதான். ஆனால் கடன் முடிய ஒரு வருடமே இருப்பவருக்கு வாடகையில் பெரிதாக எதுவும் மிஞ்சாது, அபராதமே அதைத் தின்றுவிடும்.

உம்மா இன்னும் பவுணைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். மழை தொடங்குமுன் பின்பக்கத்து வடிகானைச் சரி செய்ய வேண்டும். இரண்டு இலட்சத்தில் முதல் செலவு அதுவாகத்தான் இருக்கும் போலிருக்கிறது. துஆ செய்யுங்கள்.