வாப்பாவின் கழுத்தும் இரண்டு ட்ரிமரும்

 

போன வாரம் ஸ்டாஃப் ரூமில் ஒரு சேர், "ட்ரிமர் ஒன்று வாங்கப் போறேன், எது நல்லம்?" என்று கேட்டார். பதில் சொல்லத் தொடங்கினோம், இன்டர்வெல் முடிந்துவிட்டது. மீதியை இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வாப்பாவுக்கு இதய வால்வு மாற்றிய நாளிலிருந்து வார்ஃபரின் குளிசை. இரத்தம் கட்டியாகாமல் இருக்கக் கொடுப்பது. வாப்பா தாடி வைத்தவர்தான். ஆனால் கழுத்தையும் கன்னத்தின் மேல்பக்கத்தையும் தானே பிளேடால் வழிப்பது இளமைக்காலத்திலிருந்தே வந்த பழக்கம். ஒரு நாள் காலை கழுத்தில் சின்னக் கீறல். எங்களுக்கென்றால் இரண்டு நிமிடத்தில் நின்றிருக்கும். வாப்பாவுக்கு ஒரு துவாய் நனைந்த பிறகும் கசிந்தது. அரை மணித்தியாலம் அழுத்திப் பிடித்துக்கொண்டு இருந்தோம். அடுத்த கிளினிக்கில் மிஸ் சொன்னது ஒன்றுதான்: "இனி பிளேட் வேணாம். ட்ரிமர் பாவியுங்க."

அன்று மாலையே ஹட்டன் டவுனில் ஒரு ட்ரிமர் வாங்கினோம். பெட்டியில் டைட்டானியம் பிளேட், வோட்டர்ப்ரூஃப், 120 நிமிடம், பதினொன்று இன் ஒன் என்று எல்லாம் இருந்தது. விலையும் குறைவு. ஆறு வாரத்தில் நின்றுவிட்டது. கடைக்காரர் பார்த்துவிட்டு, "தண்ணி போயிருக்கு சேர், வாரண்டி இல்லை" என்றார். வோட்டர்ப்ரூஃப் என்று எழுதிய சாமானுக்குத்தான்!

வீட்டுக்கு வந்து ஸ்க்ரூ ட்ரைவரால் கழற்றிப் பார்த்தோம். பெட்டியின் மேல் இருந்த ஒவ்வொரு சொல்லுக்கும் உள்ளே பதில் இருந்தது.

முதலில் தண்ணீர். இரண்டு பாதியும் சேரும் இடத்தில் ரப்பர் வளையம் இல்லை. பிளேடுக்குக் கீழே மோட்டர் அச்சு வெளியே வரும் ஓட்டையைச் சுற்றியும் ஒன்றும் இல்லை. பைப்பின் கீழே பிடித்துக் கழுவிய தண்ணீர் நேரே உள்ளே போய், சர்க்யூட் பலகையில் பச்சையாகப் பூத்திருந்தது. வோட்டர்ப்ரூஃப் என்ற சொல்லை யாரும் அச்சடிக்கலாம். தேட வேண்டியது ஐ.பி.எக்ஸ். என்ற எழுத்துகளையும் அதன் பின்னால் வரும் இலக்கத்தையும்தான். 4 என்றால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், அவ்வளவுதான். ஈரக் கையால் பிடிக்கலாம், பைப்பின் கீழே பிடிக்கக்கூடாது. 7 என்றால் ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணித்தியாலம் கிடந்தாலும் கெடாத அளவுக்குச் சோதித்தது. அதுவும் புதிதாக இருக்கும்போது, வெறும் தண்ணீரில். கொதிதண்ணீரும் சவர்க்காரமும் அந்தக் கணக்கில் வராது. இலக்கமே இல்லாவிட்டால் பிரஷ்ஷால் தட்டித் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "பிளேடைக் கழுவலாம்" என்று எழுதியிருந்தால், பிளேடைக் கழற்றி அதை மட்டும் கழுவுங்கள்.

ஒன்று கவனியுங்கள். முழுதாகக் கழுவக்கூடிய ட்ரிமர்கள் பெரும்பாலும் வயர் செருகியபடி ஓடாது. ஈரத்தில் கரண்ட் பிடிக்காமல் இருக்க அப்படிச் செய்வார்கள். எங்கள் மலையில் காற்று மழைக்காலத்தில் கரண்ட் போவது புதிதல்ல. ஆகவே இந்த வகை வாங்கினால் பெட்டரி நல்லதாக இருக்க வேண்டும்.

அந்தப் பழைய ட்ரிமரில் இருந்தது டோர்ச்சுக்குப் போடும் பெட்டரி அளவில் ஒரு நிக்கல் பெட்டரி. மேலே 600 மில்லி அம்பியர் மணி என்று இருந்தது. இரண்டு மணித்தியாலம் ஓட வேண்டுமானால் மோட்டர் 300 மில்லி அம்பியருக்கு மேல் எடுக்கக்கூடாது. முடியை வெட்டும்போது அதைவிடக் கூட இழுக்கும். நாங்கள் கழற்றுவதற்கு முன்பு, வாங்கிய புதிதில் ஓட்டிப் பார்த்தபோதே முக்கால் மணித்தியாலம் வரவில்லை. அதற்கு எட்டு மணித்தியாலம் சார்ஜ் போட வேண்டியிருந்தது. இப்போது வைத்திருப்பது லித்தியம். ஒன்றரை மணித்தியாலத்தில் நிரம்பும், ஃபோன் சார்ஜரிலும் பவர் பேங்கிலும் போடலாம். பெட்டியில் எத்தனை நிமிடம் ஓடும் என்று பார்க்கும்போது, எவ்வளவு நேரம் சார்ஜ் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். லித்தியத்தை முற்றாக இறங்கவிட்டு மாதக்கணக்கில் லாச்சிக்குள் போட்டு வைத்தால், திரும்ப எழும்பாமல் போகலாம்.

அடுத்தது பிளேட். டைட்டானியம் என்று போட்டிருந்தால் முழு டைட்டானியம் என்று நினைக்க வேண்டாம். உருக்கின் மேல் பொன்னிறத்தில் ஒரு மெல்லிய பூச்சு, பெரும்பாலும் அவ்வளவுதான். வகுப்பறைக் காந்தத்தை வைத்துப் பார்த்தோம், டக்கென்று ஒட்டியது. டைட்டானியத்தில் காந்தம் ஒட்டாது. உருக்கு என்பது குறை இல்லை, கூர் நிற்கும். ஆனால் கூர் நிற்கும் உருக்கு, ஸ்டெயின்லெஸ் என்றாலும், ஈரத்தோடு மூடி வைத்தால் துருப்பிடிக்கும். எங்கள் ஊரில் துணியே மூன்று நாளாகக் காயாதே! செரமிக் துருப்பிடிக்காது, சூடும் குறைவு. ஆனால் சீமெந்துத் தரையில் விழுந்தால் பல் உடையும். உடைந்த பல் தோலைக் கீறும். அதனால் வாப்பாவுக்கு உருக்கே எடுத்தோம், பல்லின் நுனி உருண்டையாக இருப்பதைப் பார்த்து. சலூனில் கோடு எடுக்கப் பாவிக்கும் கூர்முனை வகை வேண்டாம் என்றோம்.

இந்த இரண்டாவது ட்ரிமரும் இரண்டு மாதத்தில் காலையில் மெதுவாக ஓடத் தொடங்கியது. பெட்டரி போய்விட்டது என்று நினைத்தோம். பிளேடைப் பார்த்த மனைவிதான் சொன்னார், பல்லுக்கிடையில் வெள்ளையாக ஏதோ உறைந்திருக்கிறது என்று. நாங்கள் போட்ட தேங்காய் எண்ணெய்! 24 பாகைக்குக் கீழே அது உறையத் தொடங்கும். எங்கள் காலைக் குளிருக்குச் சொல்ல வேண்டுமா? பிளேடைக் கழற்றி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவி, துடைத்துக் காயவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி விட்டோம். பழைய சத்தம் திரும்ப வந்தது.

கடைசியாக, பதினொன்று இன் ஒன் கணக்கு. எண்ணிப் பார்த்தால் பிரஷ், எண்ணெய்ப் போத்தல், வயர் எல்லாம் அதில் அடக்கம். வேலைக்கு வருவது சீப்புகள்தான். வழக்கமாக 1ஆம் நம்பர் ஏறக்குறைய 3 மில்லிமீற்றர், 2 என்றால் 6, 3 என்றால் 10, 4 என்றால் 13. வாப்பாவின் தாடிக்கு 3, கழுத்துக்குச் சீப்பில்லாமல். வாங்கும்போது சீப்பை மாட்டி விரலால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். அசைந்தால் தாடியின் நடுவில் வழுக்கை விழும். பழைய ட்ரிமரில் எங்கள் சின்ன மகனின் தலையில் அது நடந்து, ஒரு வாரம் தொப்பியோடுதான் ஸ்கூலுக்குப் போனார்.

சீப்பில்லாத ட்ரிமர் பிளேட் மாதிரி மழமழ என்று வழிக்காது. அரை மில்லிமீற்றர் அளவு முடி நிற்கும். வாப்பா முதல் மாதம் கழுத்தைத் தடவித் தடவி முறைப்பட்டார். இப்போது வெள்ளிக்கிழமை காலையில் கண்ணாடி முன்னால் தானே எடுத்துக்கொள்கிறார். கழுத்தில் ஒரு கீறலும் இல்லை. வாப்பாவுக்காக துஆ செய்யுங்கள்.

அந்த சேருக்கு: கடைக்குப் போகும்போது சின்னக் காந்தம் ஒன்றைப் பொக்கெட்டில் போட்டுக்கொண்டு போங்கள்.