முன்பிரதியும் முடிவின் மர்மமும்

விமர்சகருக்குப் படைப்பை முன்னரே காட்டுபவர்கள், குறித்த நாளும் மணியும் வரும்வரை அதைப் பற்றி எழுதுவதில்லை என்று உறுதி வாங்கிக்கொள்கிறார்கள். எம்பார்கோ எனப்படும் இத்தடையை மீறியவருக்கு அடுத்த அழைப்பு வராது. அதன் வலிமை பெரும்பாலும் அவ்வளவுதான்.

‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரில் அந்த நம்பிக்கை முறிந்தது. 2015 ஏப்ரலில், ஐந்தாம் பருவத்தின் முதல் 4 பகுதிகள் ஒளிபரப்புக்கு முந்தைய நாளே இணையத்தில் கசிந்தன. விமர்சகர் முதலானோருக்கு அனுப்பப்படும் முன்பிரதிகள் அவை. பிரதி யாருடையது என்று காட்டும் நீர்க்குறி மங்கலாக்கப்பட்டிருந்தது. 2016இல் எச்பிஓ இதழாளர்களுக்கு முன்பிரதி அனுப்புவதை நிறுத்திக்கொண்டது.

ஆகவே, 2019 மே 19 அன்று இறுதிப் பகுதியை விமர்சகரும் மற்றவர்களோடு சேர்ந்தே பார்த்து, அன்றிரவே எழுத நேர்ந்தது. அரியணை யாருக்கு என்பதைத் தலைப்பில் சொல்லாதிருப்பது மட்டுமே எஞ்சிய கட்டுப்பாடு. தடை பறித்துக்கொண்ட சுதந்திரத்தைவிட, அது தந்திருந்த அவகாசம் பெரிது என்று அப்போதுதான் புலப்பட்டது.