குமிழில் இருப்பது சூட்டின் அளவு அல்ல

மகளின் பிள்ளைப்பேற்றுக்காகவோ கணவரோடு சேர்ந்து வாழவோ ஜேர்மனிக்கும் சுவிற்சர்லாந்துக்கும் போகிற நமது பெண்கள் பலர், அங்கே உடுப்பு உலர்த்தும் இயந்திரத்தின் முன்னால்தான் முதலில் தயங்கி நிற்கிறார்கள். மாரி காலத்தில் வெளியே கொடி கட்டிக் காயப்போட முடியாது. இயந்திரத்திலோ ஒரு குமிழும், அதைச் சுற்றி ஜேர்மன் எழுத்தும்தான் இருக்கும்.

2018 ஆம் ஆண்டு மாரியில் அக்காவின் பேறுகாலத்துக்காக நான் ஜேர்மனியில் இரண்டு மாதம் தங்கினேன். அக்கா ஆஸ்பத்திரியில், அத்தான் வேலையில். துவைத்த உடுப்பு ஒரு கூடை நிறைய என் பொறுப்பில் இருந்தது. "எல்லாத்தையும் ஒண்டாய்ப் போட்டிடாதை பிள்ளை. அம்மா பின்னின சட்டை கவனம்" என்று அக்கா தொலைபேசியில் சொன்னா. எங்கள் அம்மா இப்போது இல்லை. மூத்த பிள்ளை பிறந்தபோது அவர் பின்னி அனுப்பிய கம்பளிச் சட்டை அது.

குமிழைப் பார்க்கும்போது ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். அது இரண்டு கேள்விகளைக் கேட்கிறது. என்ன துணி? எவ்வளவு உலர வேண்டும்? சூடு எத்தனை பாகை என்று அநேகமாக எங்கும் எழுதியிருக்காது. சிறு திரையில் 1:45 என்று தெரிந்தால் அது சூடு அல்ல. முடிய இன்னும் 1 மணி 45 நிமிடம் என்பதே பொருள்.

துணியின் வகைக்கு முக்கியமான சொற்கள் இரண்டு. Baumwolle என்றால் பருத்தி. இதில் சூடு கூட. Pflegeleicht என்றால் பொலியஸ்டர், கலப்பு நூல் துணிகள். இதில் சூடு குறைவு. உலர்வின் அளவுக்கும் இரண்டு சொற்கள். Schranktrocken என்றால் எடுத்து மடித்து அலுமாரியில் வைக்கும் அளவுக்குக் காய்ந்தது. Bügeltrocken என்றால் அயன் பண்ணுவதற்கு ஏற்றபடி சிறிது ஈரலிப்போடு நிற்பது.

சுருங்குவதைத் தவிர்க்க இந்தக் கடைசிச் சொல் நன்றாக உதவும். ஈரம் உள்ளவரை, அது ஆவியாகப் போவதால் துணி அவ்வளவாகச் சூடேறாது. ஈரம் தீர்ந்த பிறகும் சுழன்றால் சூடு முழுவதும் துணியில் ஏறும். நெய்யும்போதும் பின்னும்போதும் இழுபட்ட நூல் அப்போது நன்றாக ஒடுங்கிவிடும். பின்னல் துணியான ரீசேட், பெனியன் போன்றவை இதில் முதலில் கட்டையாகும்.

அடுத்ததாக, உடுப்பின் உள்ளே தைத்திருக்கும் சிறு துண்டைப் பார்க்க வேண்டும். அதில் உள்ள அடையாளங்களுக்கு மொழி தேவையில்லை. சதுரத்துக்குள் வட்டம் இருந்தால் அது உலர்த்தும் இயந்திரத்தைக் குறிக்கும். வட்டத்துக்குள் இரண்டு புள்ளி என்றால் சாதாரண சூடு, 80 பாகை செல்சியஸ் வரை தாங்கும். ஒரு புள்ளி என்றால் குறைந்த சூடு, 60 பாகை வரைதான். குறுக்கே வெட்டியிருந்தால் இயந்திரத்தில் போடவே கூடாது.

இப்படிப் பார்த்து அந்தக் கூடையை நான்காகப் பிரித்தேன். துவாய்களிலும் கட்டில் விரிப்புகளிலும் இரண்டு புள்ளி இருந்தது. அவற்றுக்கு Baumwolle, Schranktrocken. பிள்ளைகளின் பருத்தி ரீசேட்டுகளில் ஒரு புள்ளி. அவற்றை Pflegeleicht பக்கத்தில் Bügeltrocken அளவில் விட்டு, சிறு ஈரத்தோடு எடுத்து, கையால் நீட்டிவிட்டு, அறைக்குள் கம்பியில் போட்டேன். துவாயோடு சேர்த்துப் போட்டிருந்தால், துவாய் காயும்வரை மெல்லிய ரீசேட் வெறுமனே சூட்டில் சுழன்றிருக்கும். அக்காவின் பொலியஸ்டர் சுரிதார்களுக்கும் ஒரு புள்ளிதான். அவை Pflegeleicht, Schranktrocken அளவில் தனியாகப் போயின.

நான்காவது, அம்மாவின் சட்டை. கையால் பின்னியதால் அதில் அடையாளத் துண்டு எதுவும் இல்லை. கம்பளி நூலில் மிக நுண்ணிய செதில்கள் உண்டு. ஈரத்தோடு உருளும்போது அவை ஒன்றோடொன்று கொளுவிக்கொள்ளும். பிறகு எவ்வளவு இழுத்தாலும் பழைய அளவுக்கு வராது. சில இயந்திரங்களில் Wolle என்று கம்பளிக்கும் ஓர் இடம் உண்டு. ஆனால் அடையாளம் இல்லாத பழைய உடுப்பை அதிலும் நம்பிப் போடுவது சரியல்ல. உலர்ந்த துவாயில் சுருட்டி நீரை ஒற்றியெடுத்து, மேசையில் விரித்து வைத்தேன். இரண்டு நாளில் காய்ந்தது.

திரையில் வரும் இரண்டு அறிவித்தல்களையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. Behälter leeren என்றால் சேர்ந்த தண்ணீரை ஊற்றச் சொல்கிறது. Flusensieb என்பது கதவடியில் உள்ள பஞ்சு வடி. அதில் பஞ்சு அடைத்தால் காற்று சரியாக ஓடாது. உடுப்பு காய நெடுநேரம் எடுக்கும். வழக்கமான அளவு உடுப்புக்கு முன்னையைவிட நேரம் கூடுகிறது என்றால் முதலில் அந்த வடியைக் கழற்றிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் உடுப்பை எடுத்தவுடன் பஞ்சை வழித்தெடுப்பதே நல்லது.