முன்னேற்றத் திட்டம் எழுதுவது எப்படி?

'வேலையில் பின்தங்கியவருக்கு முன்னேற்றத் திட்டம் எழுதச் சொல்கிறார்கள், எப்படி சார்?' என்று உங்களில் ஒருவர் கேட்டார். தலைமையாசிரியராக இருந்தபோது ஓர் இளம் ஆசிரியைக்கு நான் எழுதியதைச் சொல்கிறேன்.

மூன்றாம் வகுப்பில் 30 பேரில் 12 பேர்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடங்கலின்றி வாசித்தார்கள். 'ஆர்வத்துடன் கற்பிக்க வேண்டும்' என்று எழுதினால் அதை எப்படி அளப்பது? 'தினமும் 20 நிமிடம் வாசிப்புப் பயிற்சி. எட்டு வாரத்தில் 20 பேர் வாசிக்க வேண்டும்' என்று எழுதினேன்.

படித்துவிட்டு, "சார், இது என்னை அனுப்புவதற்கா?" என்று கேட்டார். உதவிப் பகுதியைக் காட்டினேன். செவ்வாய்தோறும் அவர் வகுப்பில் நான் ஒரு பாடம் நடத்துவேன், அவர் கவனிப்பார்; அவருடைய பதிவேட்டு வேலை இரண்டு மாதம் வேறொருவருக்கு. அந்தப் பகுதி காலியாக இருந்தால் அவர் பயந்தது சரிதான்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, தேதி குறித்துப் பரிசீலனை. ஒவ்வொரு முறையும் புதிய பத்தி. பழையதைக் கொடுத்தால் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பித்துவிடுவார்கள். நான்காம் வாரம் 14 பேர்தான். பயிற்சி தவறாமல் நடந்திருந்தது. சிலருக்கு எழுத்தே பிடிபடவில்லை. இலக்கை மாற்றவில்லை, உதவியை மாற்றினோம்: அவர்களுக்குத் தனியாக எழுத்து அட்டைகள்.

எட்டாம் வாரம் 19. ஒன்று குறைவு. இரண்டு வாரம் நீட்டித்து எழுதி, இருவரும் கையெழுத்திட்டோம்.