விடியற்காலைச் சர்க்கரை

பெரியம்மா காகிதத்தை நீட்டினார். ராத்திரி படுக்கும்போது 138, காலையில் வெறும் வயிற்றில் 171. குளுக்கோமீட்டர் பொய் சொல்கிறது என்றே முடிவு கட்டியிருந்தார். "எட்டு மணிக்கு ரெண்டு இட்லி சாப்பிட்டேன்டா. அதுக்கப்புறம் பச்சைத் தண்ணிதான். வாயில எதுவும் போடாம எப்படி ஏறும்?"

நல்ல கேள்வி. சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை என்ன செய்கிறது என்பது இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

*

நாம் தூங்கினாலும் மூளை குளுக்கோஸ் கேட்டுக்கொண்டே இருக்கும். கொடுப்பது கல்லீரல். நீரிழிவு இல்லாத உடலில், இரவு பட்டினிக்குப் பிறகு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 2 மில்லிகிராம் குளுக்கோஸை அது ரத்தத்தில் விடுகிறது. 60 கிலோ எடைக்குக் கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 120 மில்லிகிராம், மணிக்கு 7 கிராமுக்குச் சற்று மேல். எட்டு மணி நேரத் தூக்கத்தில் 58 கிராம் வரை போகும். மொத்த ரத்தத்திலும் ஒரு நேரத்தில் கரைந்திருக்கும் குளுக்கோஸோ நான்கைந்து கிராம்தான், ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. தேக்கரண்டி அளவு இருக்கும் இடத்தில் இரவெல்லாம் இவ்வளவு வந்து போகிறது என்றால், வரத்து கொஞ்சம் கூடினாலே காலையில் எண் எகிறிவிடும்.

இந்த வரத்தை அடக்கி வைப்பது இன்சுலின். இரண்டாம் வகை நீரிழிவில் கல்லீரல் அதன் பேச்சைச் சரியாகக் கேட்பதில்லை. 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், சர்க்கரை கட்டுக்குள் இல்லாத நோயாளிகளின் கல்லீரல் மற்றவர்களைவிட இரு மடங்கு குளுக்கோஸை விட்டுக்கொண்டிருந்தது. மெட்ஃபார்மின் கொடுத்த பிறகு அது 24 சதவீதம் குறைந்தது.

பெரியம்மாவிடம் சொன்னேன்: "மீட்டர் பொய் சொல்லல பெரியம்மா. ராத்திரி முழுக்க உங்க கல்லீரல் சமைச்சுப் போட்டிருக்கு."

*

கல்லீரல் அதை எங்கிருந்து எடுக்கிறது? இரண்டு வழி. ஒன்று, சேமித்து வைத்த கிளைக்கோஜனை உடைத்துக் கொடுப்பது. மற்றது, சர்க்கரை அல்லாத பொருள்களிலிருந்து புதிதாகக் கட்டுவது: தசைகளும் சிவப்பணுக்களும் வெளியே தள்ளும் லாக்டேட், புரதம் உடைந்து வரும் அமினோ அமிலங்கள், கொழுப்பு கரைந்து வரும் கிளிசரால். நீரிழிவில் அளவு மீறுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வேலை. மெட்ஃபார்மின் முக்கியமாகக் கை வைப்பதும் இங்கேதான்.

*

மெட்ஃபார்மினுக்கு வழிகாட்டிய செடியைப் பற்றிக் கொஞ்சம். ஆங்கிலத்தில் கோட்ஸ் ரூ, தாவரவியலில் கலேகா அஃபிசினாலிஸ். அவரைக் குடும்பம். தெற்கு ஐரோப்பாவிலும் மேற்காசியாவிலும் ஈரமான புல்வெளிகளில் இடுப்புயரம் வளரும். வெளிர் ஊதாவில் கொத்துக் கொத்தாகப் பூ, எதிரெதிரே அடுக்கிய சிற்றிலைகள். படத்தைப் பார்த்தால் நம் கொழிஞ்சி நினைவுக்கு வரும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பால் சுரக்கும் என்று நம்பி அங்கே பழைய காலத்தில் பயன்படுத்தினார்கள். கலேகா என்ற பெயரிலேயே பாலுக்கான கிரேக்கச் சொல் இருக்கிறது.

தீவனமாகும் என்று எண்ணி 1891-இல் அமெரிக்காவின் யூட்டா பகுதிக்குக் கொண்டுபோனார்கள். அதைத் தின்ற ஆடுகளுக்கு நுரையீரலில் நீர் கோத்தது. இன்று அங்கே அது ஒழிக்கவேண்டிய களை. ஆட்டைக் கொல்லும் அந்தப் பொருளுக்குக் கலேஜின் என்று பெயர். ரத்தச் சர்க்கரையைக் குறைப்பதும் அதே பொருள்தான்.

கலேஜின் என்பது குவானிடின் என்ற நைட்ரஜன் கூட்டம் ஒன்றும், அதோடு ஒட்டிய ஐந்து கார்பன் வாலும். மெட்ஃபார்மினில் இரண்டு குவானிடின்கள் இணைந்திருக்கின்றன. நீண்ட வாலுக்குப் பதில் இரண்டு சின்ன மெத்தில்கள். 1922-இல் டப்ளினில் வெர்னர், பெல் இருவரும் இதை முதலில் செய்தபோது நீரிழிவை மனத்தில் வைத்துச் செய்யவில்லை. பாரிஸில் ஜான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் பயிற்சிக் காலத்திலேயே கலேஜினோடு பழகியவர். அவர்தான் இந்தக் குவானிடின் குடும்பத்துக்குத் திரும்பி வந்து, மெட்ஃபார்மினை நோயாளிகளுக்குக் கொடுத்து, 1957-இல் எழுதினார்.

*

மாத்திரை குடலில் கரைந்ததும், குடலிலிருந்து வரும் ரத்தம் நேரே கல்லீரலுக்குத்தான் போகிறது. அதனால் அங்கே மருந்தின் செறிவு மற்ற இடங்களைவிட அதிகம். செல்லுக்குள் நுழைய அதற்கென்று ஒரு வாசல் உண்டு, ஓசிடி1 என்ற புரதம். உள்ளே போனதும் மைட்டோகாண்ட்ரியாவைப் போய்ச் சேர்கிறது. அங்கே எரிசக்தி ஆக்கும் சங்கிலியின் முதல் கண்ணியை லேசாக மந்தப்படுத்துகிறது என்று 2000-இல் காட்டினார்கள்.

லாக்டேட்டிலிருந்து ஒரு குளுக்கோஸைக் கட்டக் கல்லீரலுக்கு ஆறு ஏடிபி செலவு. அடுப்பு மந்தமானால் ஏடிபி குறையும், அதன் எச்சமான ஏஎம்பி கூடும். ஏஎம்பி கூடினால் குளுக்கோஸ் கட்டும் பாதையில் ஒரு முக்கிய நொதி அடங்கும். 'சர்க்கரை விடு' என்று குளுக்கோகான் போடும் உத்தரவும் பாதி காதில்தான் விழும்.

இன்னொரு கணக்கும் உண்டு. லாக்டேட்டைப் பைருவேட்டாக மாற்றினால்தான் அதிலிருந்து குளுக்கோஸ் கட்ட முடியும். அதற்கு ஹைட்ரஜனை வாங்கிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், என்ஏடி. மெட்ஃபார்மின் இருக்கும்போது அந்த ஆள் சுமையை இறக்கிவைக்க இடமில்லாமல் நிற்கிறார். லாக்டேட் வாசலிலேயே தேங்கிவிடுகிறது. 2014-இல் வந்த இந்த விளக்கம் எனக்கு அதிகம் பிடிக்கும், ஏனென்றால் மருந்தின் ஆபத்தையும் அதுவே சொல்லிவிடுகிறது.

எது முதன்மை என்ற வாதம் ஓயவில்லை. பல சோதனைகளில் செல்கள் மேல் ஊற்றிய அளவு, மாத்திரை சாப்பிடுபவர் ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு. ஏஎம்பிகே என்ற நொதிதான் எல்லாம் என்று 2001-க்குப் பிறகு நம்பினார்கள். அந்த நொதி இல்லாத எலிக் கல்லீரலிலும் மருந்து வேலை செய்ததை 2010-இல் பார்த்தார்கள். குடலிலும் அதற்கு ஒரு பங்கு உண்டு.

*

பெரியம்மாவுக்கு டாக்டர் இரவுச் சாப்பாட்டோடு 500 மில்லிகிராம் கொடுத்தார். முதல் வாரம் வயிறு இளகியது. நிறுத்தாமல், சாப்பாட்டுக்கு நடுவில் போடச் சொன்னார், சரியானது. பிறகு காலையிலும் ஒன்று. மூன்று மாதம் கழித்து வெறும் வயிற்றில் 126.

"ராத்திரியில ரொம்ப இறங்கிடுமோ?" என்று பயந்தார். மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் அந்தப் பயம் அநேகமாக வேண்டாம். அது இன்சுலினைப் பிழிந்து வெளியே தள்ளுவதில்லை. கல்லீரலின் குழாயைச் சற்றுத் திருகுகிறதே தவிர அடைப்பதில்லை.

*

தேங்கும் லாக்டேட்டுக்கு வருகிறேன். இதே குடும்பத்தில் ஃபென்ஃபார்மின் என்றொரு மருந்து இருந்தது. மெட்ஃபார்மினைவிட வீரியம் கூடியது, அடுப்பை மிக அதிகமாக அணைத்தது. ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறிப் பலர் இறந்ததால் 1970-களின் பிற்பகுதியில் பல நாடுகள் அதை விலக்கின. மெட்ஃபார்மினில் அது மிக அரிது. ஆனால் மெட்ஃபார்மினைக் கல்லீரல் சிதைப்பதில்லை. போட்டது போட்டபடியே சிறுநீரில் போகிறது. சிறுநீரகம் தளர்ந்தால் மருந்து தேங்கும், மருந்து தேங்கினால் லாக்டேட் தேங்கும். ஈஜிஎஃப்ஆர் 30-க்குக் கீழே போனால் கொடுக்கவே கூடாது என்பது இதனால்தான். 45-க்குக் கீழே வந்தாலே அளவைக் குறைப்பதைப் பற்றி டாக்டர் யோசிப்பார்.

வாந்தி, பேதி என்று உடல் வறண்டு கிடக்கும் நாளில் அன்றைய மாத்திரையைப் போடுவதற்கு முன் டாக்டரைக் கேளுங்கள். வருடத்துக்கு ஒரு முறையாவது கிரியாட்டினின் பாருங்கள். வேகமாக மூச்சிரைப்பு, தசைவலி, காரணமில்லாத சோர்வு, வயிற்றுவலி எல்லாம் சேர்ந்து வந்தால் மறுநாளுக்குத் தள்ளாமல் மருத்துவமனைக்குப் போங்கள். மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.