கதவ சாத்தாத

என் குறும்படத்தின் கடைசிக் காட்சியில் மழை பெய்யும். அம்மா, "கதவ சாத்தாத" என்பார். மகன் திரும்பி வருவான் என்கிற நம்பிக்கை அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. மண்டபத்தில் முதல்முறை திரையிட்டபோது பாதிப் பேருக்கு "கதவ சாத்து" என்றுதான் கேட்டிருக்கிறது. அம்மாவாக நடித்த அத்தையே என்னிடம் வந்து, "நான் அப்படியா சொன்னேன்பா?" என்று கேட்டார்.

ஒலிக்கலவையை நான் ஹெட்போனில் செய்திருந்தேன். ஹெட்போனில் அறை என்ற ஒன்று கிடையாது. மண்டபத்திலோ ஓட்டுத் தரை, வெறும் சுவர், மேடைக்கு இரண்டு பக்கமும் ஸ்பீக்கர். ஒரு எழுத்தின் எதிரொலி அடங்குவதற்குள் அடுத்த எழுத்து வந்துவிடுகிறது. சொல்லின் கடைசியில் குரல் இயல்பாகவே தணியும். அந்த 'தாத'வை மழை விழுங்கிவிட்டது.

அன்றைக்கு நான் செய்தது வால்யூமைக் கூட்டியதுதான். வசனத்தோடு மழையும் இசையும் சேர்ந்தே ஏறின. ஒன்றுக்கொன்று இருந்த இடைவெளி அப்படியே இருந்தது.

மண்டபத்தில் ஒலிபெருக்கி பார்க்கிற அண்ணன், "வசனம், மியூசிக், எஃபெக்ட் மூணும் தனித்தனியா இருக்கா தம்பி?" என்றார். நான் கொண்டுபோனதோ எல்லாம் கலந்த ஒரே வீடியோ கோப்பு. "அப்புறம் நான் எதைக் குறைக்க?"

இரண்டாவது திரையிடலுக்கு மதியமே மடிக்கணினியோடு போனேன். முதலில் வசனத்தை மட்டும் ஓடவிட்டு, கடைசி வரிசையில் தெளிவாகக் கேட்கும் அளவில் நிறுத்தினேன். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்த உறுமலை வெட்டியதும் குரலின் கலங்கல் குறைந்தது. அதன்பிறகு அந்த அளவைத் தொடவில்லை. அடுத்து மழை. மழைச் சத்தம் எல்லா அலைவரிசையிலும் பரவியிருக்கும். மெய்யெழுத்துகள் தெளிவாகிற 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலும் அது உட்கார்ந்திருந்தது. அம்மா பேசும் நேரத்தில் மட்டும் 6 டெசிபல் குறைத்தேன். சட்டென்று குறைத்தால் மழை விட்டதுபோல் இருக்கும். அதனால் பேச்சுக்கு ஒரு விநாடி முன்பே மெல்ல இறக்கி, பேசி முடித்த பிறகு மெல்ல ஏற்றினேன். இசையில் செல்லோவின் அடிச்சுரம் மண்டபத்தில் வீங்கியது, அதையும் தணித்தேன்.

ஹெட்போனில் மறுபடி கேட்டபோது மழை சோகையாகத் தெரிந்தது. திரும்பக் கூட்டக் கை வந்தது, அடக்கிக்கொண்டேன். அந்தக் கலவை அந்த மண்டபத்துக்கானது. காலியான மண்டபம் அதிகமாக எதிரொலிக்கும், ஆட்கள் நிறைந்தால் கொஞ்சம் அடங்கும். அதனால் அதற்குமேல் எதையும் வெட்டவில்லை.

சரியாக இருக்கிறதா என்று என் காதைக் கேட்டுப் பயனில்லை. வசனம் எனக்கு மனப்பாடம். கேட்காததையும் மனமே நிரப்பிவிடும். நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த அக்காவைக் கடைசி வரிசையில் உட்காரச் சொல்லிக் காட்சியை ஓட்டினேன்.

"என்னக்கா சொல்றாங்க?"

"சாத்த வேணாங்குறாங்க. யாரு வரணும்?"