மூன்று பங்கு

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் வாத்தியார் பக்ரீத்தை 'ஆட்டுத் திருவிழா' என்று பொருள்படும் 'ஃபெத் த்யு மூத்தோன்' என்றுதான் சொல்லுவார். ஆகவே ஆடுதான் அந்தப் பண்டிகை என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். மேற்குத் தாம்பரத்துக்குக் குடிவந்தபின் பக்கத்து வீட்டு பாய் விளக்கினார்.

"சார், மாமிசமும் ரத்தமும் இறைவனைப் போய்ச் சேராது, நம்ம இறையச்சம்தான் சேரும்னு குர்ஆன்லயே இருக்கு. இப்ராஹிம் நபி மகனையே கொடுக்கத் துணிஞ்சார். மகனுக்குப் பதிலா ஆடு வந்தது. அந்த மனசைத்தான் நாங்க நினைச்சுப் பார்க்கிறோம்" என்றார்.

ஆட்டைத் தேர்ந்தெடுப்பதிலும் கண்டிப்பு உண்டு. கண் குருடு, நொண்டி, நோய், எலும்பும் தோலுமாக மெலிந்தது எதுவும் ஆகாது. வேண்டாததைத் தள்ளிவிடுவது தியாகம் ஆகாதே! பெருநாள் தொழுகை முடிந்த பிறகுதான் அறுக்க வேண்டும். முன்பே அறுத்தால் அது வெறும் கறி, குர்பானி இல்லை. மாடானால் ஏழு பேர் வரை பங்கு சேரலாம். அப்போது கறியைக் கண்ணளவில் பிரிக்காமல் தராசில் நிறுத்துத்தான் பிரிப்பார்களாம்.

பாய் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். 24 கிலோ ஆட்டில் எலும்போடு சுமார் 12 கிலோ கறி தேறும். 4 கிலோ வீட்டுக்கு, 4 கிலோ உறவினருக்கும் அக்கம்பக்கத்துக்கும், 4 கிலோ ஏழைகளுக்கு. கடைசிப் பங்கைக் கால் கிலோ பைகளாகக் கட்டினால் 16 குடும்பம். அதைச் சமைக்காமல் பச்சைக் கறியாகவே கொடுக்கிறார்கள். வாங்குகிறவர்கள் தங்கள் அடுப்பில், தங்கள் ருசிக்குச் சமைத்துக்கொள்ளலாம். மூன்று பங்கு என்பது நல்ல வழக்கம்தான், கட்டாயமில்லை; கூடுதலாகக் கொடுத்தால் நன்மை. ஆனால் நேர்ச்சை செய்த ஆடு என்றால், கொடுத்தவர் ஒரு துண்டுகூடத் தின்னக்கூடாது.

விற்கவும் கூடாது. கசாப்புக்காரருக்குக் கூலியைப் பணமாகத் தனியே கொடுக்க வேண்டும். தோலையோ கறியையோ கூலியாகக் கழிக்கக் கூடாது. தோல் பெரும்பாலும் மதரசாவுக்குப் போகும், விற்ற பணம் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு. ஆனால் தோல் தொழிற்சாலையால் பெயர் பெற்ற குரோம்பேட்டை பக்கத்திலேயே இருந்தும், இப்போது ஆட்டுத்தோலுக்கு விலையே இல்லை. அந்த வரவு சுருங்கிவிட்டது என்று பாய் வருத்தப்பட்டார்.

அவருக்கு இன்னொரு குறையும் உண்டு. குர்பானி கொடுத்தவர்களே ஒருவருக்கொருவர் கறி அனுப்பிக்கொள்கிறார்கள். ஃப்ரிட்ஜ் நிறைகிறது, கடைக்கோடிக் குடிசைக்கு ஒன்றும் போவதில்லை. அதனால் அவர் பெருநாளுக்கு ஒரு வாரம் முன்பே கட்டட வேலைக்காரர்கள், துப்புரவுப் பணியாளர்கள், தனியாக இருக்கும் கிழவிகள் என்று பெயர் எழுதி வைத்துவிடுகிறார். முதலில் கட்டுவது அந்த 16 பைகள். எந்த மதம் என்று அதில் ஒரு குறிப்பும் இல்லை.

சைவமான என் வீட்டுக்கு ஆண்டுதோறும் வருவது ஒரு சீப்பு வாழைப்பழம்.